கேஸ் ஸ்டடியில் ‘புதிய சந்தையா, புதிய பொருளா?’ என்று கேட்டால்: கெல்லாக்ஸ் கதையை வைத்து ஒரு செய்முறை

எம்.பி.ஏ. படிக்கும்போது ஸ்ட்ராட்டஜி பேப்பருக்கு ஒரு கேஸ் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி வளர இரண்டு வழி இருந்தது. இருக்கிற பொருளைப் புது இடத்துக்குக் கொண்டுபோகலாம், இல்லாவிட்டால் இருக்கிற வாடிக்கையாளருக்கே புதுசாக ஒரு பொருள் கொடுக்கலாம். நான்கு கட்டம் போட்டேன், ஒவ்வொன்றிலும் சாதகம் பாதகம் எழுதினேன், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பாதி மதிப்பெண்தான் வந்தது. ஓரத்தில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “இது எப்படி இந்தக் கட்டத்தில் வந்தது?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்த முறையே எனக்குப் புரிந்தது. அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு, கெல்லாக்ஸ் 1994-ல் இந்தியாவுக்குள் கார்ன்ஃப்ளேக்ஸ் கொண்டுவந்த கதையை எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுச் சமையலறையிலேயே சரிபார்த்துவிடக் கூடிய கதை அது.

படி 1: கட்டம் போடுங்கள்

இகோர் ஆன்சாஃப் 1957-ல் எழுதிய கட்டுரையில் வந்த நான்கு கட்டங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பழைய பொருள் பழைய சந்தை, பழைய பொருள் புதிய சந்தை, புதிய பொருள் பழைய சந்தை, இரண்டுமே புதிது. இதை ஒரு தாளில் கையால் வரைந்தால் போதும். வண்ண வண்ண ஸ்லைடு வார்ப்புருக்களை நான் பயன்படுத்துவதில்லை. கட்டம் அழகாக இருந்தால் உள்ளே எழுதியதும் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

படி 2: ஒவ்வொரு வழியும் உண்மையில் எந்தக் கட்டம் என்று சோதியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1991-க்குப் பிறகு இந்தியச் சந்தை திறந்துவிடப்பட்டது. அமெரிக்காவில் காலை உணவு சீரியல் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருந்தது, வளர இடம் குறைவு. பழைய பொருள், புதிய நாடு. கேஸைப் படிக்கிற யாரும் ‘பழைய பொருள் புதிய சந்தை’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் அந்தப் பொருள் நம் வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆகிறது? நம் வீடுகளில் பாலைக் காய்ச்சி, சூடாக, சர்க்கரை போட்டுக் குடிப்பதுதான் பழக்கம். கார்ன்ஃப்ளேக்ஸின் சிறப்பே மொறுமொறுப்பு. சூடான பாலை ஊற்றினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கூழாகிவிடும். குளிர்ந்த பாலை ஊற்றினால் மேலே தூவிய சர்க்கரை சீக்கிரம் கரையாது, கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். இட்லி, பொங்கல், பராத்தா என்று சூடாகச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குக் காலையில் குளிர்ச்சியாக ஒரு கிண்ணம் என்பதே புதுப் பழக்கம். புதுமைக்காகப் பலர் ஒரு பாக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். மறுபடி வாங்கியவர்கள் குறைவு.

அப்படியென்றால் இங்கே விற்றது பழைய பொருளா? பெட்டிக்குள் இருந்தது பழையதுதான். ஆனால் இந்தியாவில் அது சரியாகப் போய்ச் சேர வேண்டுமானால், ஒன்று பொருளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மக்களின் காலைப் பழக்கத்தை மாற்ற வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் ‘பழைய பொருள் புதிய சந்தை’ என்ற கட்டத்திலிருந்து ‘இரண்டுமே புதிது’ என்ற கட்டத்துக்கு நழுவிவிடுகிறோம். நான்கில் ஆபத்து அதிகமான கட்டம் அது. ஆனால் திட்டத்தின் செலவும் கால அளவும் ஆபத்து குறைந்த கட்டத்துக்கான கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இதைப் பிடிக்க ஒவ்வொரு வழிக்கும் நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். வாங்குபவர் இந்தப் பொருளை எந்த வேலைக்காக வாங்குகிறார், பழைய சந்தையிலும் அதே வேலைதானா? அதைப் பயன்படுத்த அவர் தன் வழக்கத்தில் எதையாவது மாற்ற வேண்டுமா? இப்போது அந்த வேலையை அவருக்கு எது செய்துகொடுக்கிறது, அதன் விலை என்ன, பழைய சந்தையிலும் அப்படித்தானா? மூன்றில் இரண்டுக்குப் பதில் ‘மாறுகிறது’ என்று வந்தால் கட்டத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, வழியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திவிடுங்கள். விடைத்தாளில் அந்த அம்புக்குறியும் தெரியட்டும். ஆசிரியர் தேடுவது அதைத்தான்.

படி 3: மறுபடி வாங்குபவர் எத்தனை பேர் என்று கணக்குப் போடுங்கள்

பல கேஸ்களில் ‘சந்தையின் அளவு’ என்று ஒரு பெரிய எண் கொடுத்து ஆசை காட்டுவார்கள். அதில் இத்தனை சதவீதம் பிடித்தால் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் முறை வாங்குபவர், மறுபடி வாங்குபவர் என்று இரண்டாகப் பிரியுங்கள்.

கீழே இருப்பவை நான் பயிற்சிக்காக வைத்த எண்கள், கெல்லாக்ஸின் எண்கள் அல்ல. புது ஊரில் 10 லட்சம் வீடுகள். அதில் 10 சதவீதம், அதாவது 1 லட்சம் வீடுகள், முதல் ஆண்டு ஒரு பாக்கெட் வாங்கிப் பார்க்கின்றன. பிடித்துப்போன வீடு அதற்கு மேல் ஆண்டுக்கு 6 பாக்கெட் வாங்குகிறது. ஒரு பாக்கெட்டில் பொருளுக்கான செலவு போகக் கையில் நிற்பது ₹20. விளம்பரம், கிடங்கு, விற்பனை ஆட்கள் என்று ஆண்டுக்கு ₹30 லட்சம் செலவு. இரண்டாம் ஆண்டில் புதிதாக முயல்பவர் யாரும் இல்லை என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம்.

ஷீட்டில் B2 முதல் B7 வரை இந்த வரிசையில் போடுங்கள்: வீடுகள், முயல்பவர் சதவீதம், மறுபடி வாங்குபவர் சதவீதம், பாக்கெட், ₹20, செலவு. பிறகு இந்த மூன்று வரிகள். முதலாவது முதல் ஆண்டின் லாபம், இரண்டாவது இரண்டாம் ஆண்டின் லாபம், மூன்றாவது தப்பிப் பிழைக்கத் தேவையான சதவீதம்.

```
=B2*B3*(1+B4*B5)*B6-B7
=B2*B3*B4*B5*B6-B7
=B7/(B2*B3*B5*B6)
```

முயன்றவர்களில் 30 சதவீதம் பேர் மறுபடி வாங்கினால் முதல் ஆண்டு லாபம் ₹26 லட்சம், இரண்டாம் ஆண்டு ₹6 லட்சம். 10 சதவீதம் பேர்தான் திரும்பி வந்தார்கள் என்றால்? முதல் ஆண்டில் அப்போதும் ₹2 லட்சம் லாபம் தெரியும். இரண்டாம் ஆண்டில்தான் ₹18 லட்சம் நஷ்டம் வரும். மூன்றாவது வரி தரும் விடை 25 சதவீதம். அதாவது முயன்ற நாலு வீட்டில் ஒரு வீடாவது திரும்பி வந்தால்தான் இந்த வழி நிற்கும்.

புது இடத்தில் முதல் ஆண்டு விற்பனையை நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஆசைக்கு வாங்கியதும் பழக்கமாகி வாங்கியதும் ஒரே வரியில் கலந்து கிடக்கும். இப்போது படி 2-க்குத் திரும்பிப் போய்க் கேளுங்கள்: பால் சூடாக இருக்கும் வீட்டில் இந்த 25 சதவீதம் வருமா?

படி 4: புதுப் பொருளுக்கும் அதே கணக்கு, ஒரு கழித்தலோடு

கெல்லாக்ஸ் 1996-ல் இங்கே சாக்கோஸ் கொண்டுவந்தது. சாக்லேட் பூசிய கோதுமைச் சீரியல். அடுத்து சர்க்கரை பூசிய ஃப்ராஸ்டீஸ். இரண்டும் கார்ன்ஃப்ளேக்ஸைவிட எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. காரணம் கிண்ணத்திலேயே இருக்கிறது. இனிப்பு பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவதால் சர்க்கரை கரையாத சிக்கல் இல்லை. கேட்டு வாங்குவது குழந்தை. ஏற்கெனவே பெட்டியை அடுக்கிவைத்திருக்கும் அதே கடையில் இன்னொரு பெட்டி.

இதற்கான கணக்கில் செலவு குறையும், ஏனென்றால் கடையும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் பழைய பொருளின் விற்பனையைப் புதுப் பொருள் தின்றுவிடுவதைக் கழிக்க வேண்டும். பலர் விட்டுவிடும் வரி இது.

மறுபடி பயிற்சி எண்கள்தான், இரண்டாம் ஆண்டுக்கானவை. பாக்கெட்டுக்குக் கையில் நிற்பது அதே ₹20. இருக்கிற வாடிக்கையாளர் 25,000 வீடுகள். 10,000 வீடுகள் முயன்று, 5,000 வீடுகள் தொடர்ந்து ஆண்டுக்கு 8 பாக்கெட் வாங்கினால் ₹8 லட்சம் வரும். ஆனால் அந்த 5,000-ல் பாதி வீடுகள் பழைய பாக்கெட்டை நிறுத்திவிட்டால், 2,500 வீடு, 6 பாக்கெட், ₹20 என்று ₹3 லட்சம் போய்விடும். மீதி ₹5 லட்சம். கூடுதல் செலவு ₹4 லட்சம் என்றால் லாபம் ₹1 லட்சம்தான். தொடர்பவர்கள் 2,500 வீடுகளாகக் குறைந்தால் ₹1.5 லட்சம் நஷ்டம்.

படி 5: எடை போடுங்கள்

இரண்டாம் ஆண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புது ஊர்: நன்றாகப் போனால் ₹6 லட்சம் லாபம், கவிழ்ந்தால் ₹18 லட்சம் நஷ்டம். புதுப் பொருள்: ₹1 லட்சம் லாபம், அல்லது ₹1.5 லட்சம் நஷ்டம். எது நல்லது என்பதைக் கம்பெனியின் கையில் இருக்கும் பணம்தான் சொல்லும். ₹18 லட்சம் போனாலும் மூச்சு விட முடிகிற கம்பெனியா என்று கேஸின் கடைசிப் பக்கத்து பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்கள். முடியாது என்றால் புது ஊரில் ஒரே ஒரு பகுதியில் ஆறு மாதம் விற்றுப் பார்த்து, 25 சதவீதம் தொடுகிறதா என்று பார்த்தபின் விரிக்கச் சொல்லுங்கள். அதைத்தான் உங்கள் பரிந்துரையாக எழுத வேண்டும். எந்த எண் வந்தால் நிறுத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு வழிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணையை நான் விட்டுவிட்டேன். ‘வளர்ச்சி வாய்ப்பு 4, ஆபத்து 3’ என்பதில் அந்த 4 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. 25 சதவீதம் எங்கிருந்து வந்தது என்றால் ஷீட்டைத் திறந்து காட்டலாம்.

பின்சேர்க்கை

கருத்துப் பெட்டியில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார். அமெரிக்காவில் ஆர்ம் அண்ட் ஹாமர் 1972-ல் தன் சமையல் சோடாவை ஃப்ரிட்ஜில் வாடை போக்க வைக்கச் சொல்லி விளம்பரம் செய்தது. அதே டப்பா, அதே வீடு. இது எந்தக் கட்டம்?

‘சந்தை’ என்றால் ஊர் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. ஆன்சாஃப் அந்தக் கட்டுரையில் பொருளுக்கு எதிரே வைத்தது ஊரை அல்ல, அந்தப் பொருள் செய்ய வேண்டிய வேலையை. பயணிகள் விமானத்தைச் சரக்கு ஏற்றப் பயன்படுத்துவதுபோல, பழைய பொருளுக்குப் புது வேலை கிடைத்தால் அவர் கணக்கில் அது சந்தை விரிவாக்கம்தான். ஆகவே சமையல் சோடாவை நான் அங்கேதான் வைப்பேன். படி 2-ன் முதல் கேள்வியை ‘எந்த வேலைக்காக’ என்று தொடங்கியதும் இதனால்தான். முதலில் அங்கே ‘எந்த ஊரில்’ என்று எழுதியிருந்தேன், இப்போது திருத்திவிட்டேன்.