எண்ணைப் பார்த்தாச்சு, அடியிலுள்ள கோட்டைப் பார்த்தீர்களா? வெளிநாட்டு உடுப்பு லேபலை வாசிப்பதில் நடக்கும் பிழைகள்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உடுப்பின் உட்தையலில் ஒரு சின்ன லேபல் இருக்கும். அதில் பெரும்பாலும் ஐந்து படங்கள்: தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், சதுரம், மின்னழுத்தி, வட்டம். தோய்ப்பது, வெளுப்பது, காயவிடுவது, அயன் பண்ணுவது, கடைச் சலவைக்குக் கொடுப்பது என்பது அதன் ஒழுங்கு. தண்ணீரைச் சுடவைத்துத் தோய்க்கும் மெஷினும் சூட்டில் உலர்த்தும் டிரையரும் உள்ள வீடுகளை நினைத்து வரைந்த படங்கள் இவை. கிணறு, தோய்க்கிற கல், கொடி, வெயில் என்று இருக்கும் யாழ்ப்பாண வீட்டில் உடுப்பு பழுதாவது வேறு இடங்களில்.

எல்லாரும் முதலில் பார்ப்பது தொட்டிக்குள் இருக்கும் 30 அல்லது 40 என்ற எண்ணை. அது தண்ணீரின் சூடு போகக்கூடிய உச்ச எல்லை, செல்சியஸ் பாகையில். அதைவிடக் குளிர்ந்த தண்ணீரால் உடுப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே 30 என்று கண்டவுடன் அடுப்பில் தண்ணீர் வைக்கத் தேவையில்லை. கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரே போதும். கவனிக்க வேண்டியது கூரைமேல் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரைத்தான். பங்குனி, சித்திரை நண்பகலில் அந்தக் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தத் தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வருகிற உடுப்பில் எண்ணுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருக்கலாம்: ஒன்று என்றால் 30, இரண்டு 40, மூன்று 50.

எங்கள் வீடுகளில் எண்ணைவிட முக்கியமானது தொட்டிக்கு அடியில் இருக்கும் கோடு. கோடு இல்லையென்றால் வழமைபோல் தோய்க்கலாம். ஒரு கோடு என்றால் மெதுவாக, இரண்டு கோடு என்றால் மிக மெதுவாக. இது சூட்டைப் பற்றியதல்ல. உடுப்பை எவ்வளவு அலைக்கலாம், முறுக்கலாம் என்பதைப் பற்றியது. தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் 40 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் கையால் மட்டும் தோய்க்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு, கையால்தானே தோய்க்கிறோம் என்று கல்லில் அடித்துத் தோய்ப்பவர்கள் உண்டு. வாஷிங் மெஷினே முரடு என்று சொல்லித்தான் அந்தக் கையைப் போட்டிருக்கிறார்கள். கல் அதைவிட முரடு.

ஒரு சட்டையை எடுத்துப் பார்ப்போம். லேபலில் விஸ்கோஸ் 95 வீதம், எலாஸ்டேன் 5 வீதம். தொட்டியில் 30, அடியில் இரண்டு கோடு. முக்கோணத்தின் மேல் புள்ளடி. சதுரத்துக்குள் வட்டம், அதன் மேலும் புள்ளடி. பக்கத்தில் இன்னொரு சதுரம், அதற்குள் ஒரு கிடைக்கோடு. மின்னழுத்தியில் ஒரு புள்ளி. கடைசி வட்டத்தின் மேலும் புள்ளடி.

விஸ்கோஸ் காய்ந்திருக்கும்போது உறுதியான துணி. நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு கோட்டுக்குக் காரணம் இதுதான். பேசினில் ஐந்து லீற்றர் தண்ணீர் விட்டு, ஒரு மேசைக்கரண்டி சலவைத்தூளை முதலில் நன்றாகக் கரைத்துவிட்டு, சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போடுங்கள். பத்து நிமிடம் போதும். கட்டிச் சவர்க்காரம் வேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் வன்மையானது. சவர்க்காரம் அதோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகித் துணியில் ஒட்டும், அதைப் போக்க இன்னும் தேய்க்க வேண்டிவரும். அலசியபின் முறுக்கிப் பிழியாமல், காய்ந்த துவாயொன்றின் மேல் விரித்து, பாய்போல் சுருட்டி அழுத்துங்கள். தண்ணீர் துவாய்க்குப் போய்விடும்.

இனி முக்கோணம். வெறும் முக்கோணம் என்றால் எந்த வெளுப்பானும் போடலாம். உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாதது மட்டும். புள்ளடி இருந்தால் எதுவுமே கூடாது. இரண்டு சாய்கோட்டைப் புள்ளடி என்று நினைப்பதால் பெரிய நட்டமில்லை. வெறும் முக்கோணம் என்று நினைத்தால்தான் உடுப்பு போகும். கடையில் வாங்கும் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால் அது குளோரின். சோடியம் பெர்காபனேட் அல்லது ஐதரசன் பெரொட்சைட் என்றால் குளோரின் இல்லாத வகை. குளோரின் பட்டால் எலாஸ்டேன் இழுவை இழந்து மஞ்சளாகும். கம்பளியும் பட்டும் அரிந்தே போகும். வெள்ளைச் சட்டை மங்கினால் அழுக்கென்று நினைத்து வெளுப்பானைத் தேடுகிறோம். பல தடவை அது முன்னர் சொன்ன சவர்க்காரப் படிவுதான், அதை வெளுப்பான் நீக்காது. இன்னொன்று: கிணறு இறைத்துக் குளோரின் போட்ட கையோடு நிற உடுப்பைத் தோய்க்காதீர்கள். வாசம் போகும்வரை பொறுங்கள்.

மிகக் கூடுதலாகப் பிழைக்கும் இடம் சதுரம். சதுரத்துக்குள் வட்டம் என்றால் டிரையர். அதன் மேல் புள்ளடி இருப்பதைப் பார்த்து, வெளியில் காயப்போடக் கூடாதாம் என்று வீட்டுக்குள் போட்டு, மழைக்காலத்தில் பூஞ்சை வாசம் பிடிக்க விடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புள்ளடி டிரையருக்கு மட்டும். கொடிக்கும் காற்றுக்கும் அல்ல. வெயிலைப் பற்றிச் சொல்வது வேறொரு அடையாளம்: சதுரத்தின் இடப்பக்க மேல் மூலையில் சாய்கோடு. அது இருந்தால் நிழலில் காயவிட வேண்டும். சதுரத்துக்குள் நிமிர்ந்த கோடு என்றால் கொடியில் போடலாம். நிமிர்ந்த கோடு இரண்டு என்றால் பிழியாமல், தண்ணீர் சொட்டச் சொட்டப் போட வேண்டும். கிடைக்கோடு என்றால் படுக்கையாக விரித்துக் காயவிட வேண்டும்.

எங்கள் சட்டையில் இருப்பது கிடைக்கோடு. ஈர விஸ்கோஸ் தண்ணீரின் பாரத்திலேயே கீழே இழுபடும். கொடியில் போட்டால் மாலையில் கீழ்க்கரை அலையலையாக நீண்டிருக்கும், அயன் பண்ணி அதைச் சரிசெய்ய முடியாது. கயிற்றுக் கட்டிலில் துவாய் விரித்து, தோளையும் கரையையும் நேராக்கி, விறாந்தையில் விடுங்கள். மூலையில் சாய்கோடு இல்லாவிட்டாலும் கடும் நிறங்களை இந்த வெயிலில் வைக்காமல் விடுவது நல்லது.

மின்னழுத்தியின் புள்ளிகள் தொட்டியின் புள்ளிகளோடு சம்பந்தமில்லாதவை. ஒன்று என்றால் அடித்தகடு ஏறக்குறைய 110 பாகை, இரண்டு 150, மூன்று 200. பெரும்பாலான மின்னழுத்திகளின் திருகியிலும் இதே புள்ளிகள் இருக்கும். படத்தின் கீழே நீராவிக் கோடுகள் புள்ளடியோடு இருந்தால் நீராவி விடக்கூடாது. பருத்திச் சேட்டை மூன்று புள்ளியில் அயன் பண்ணிவிட்டு, திருகியை ஒன்றுக்குத் திருப்பிய உடனே விஸ்கோஸ் சட்டையில் வைப்பதுதான் வழமையான பிழை. திருகியைக் குறைத்தாலும் தகடு ஆற நேரமெடுக்கும். எலாஸ்டேனும் பொலியெஸ்டரும் அதற்குள் பளபளத்து இறுகிவிடும். ஒரு புள்ளி உடுப்புகளை முதலில் முடித்துவிட்டு மேலே போங்கள். சட்டையை உட்புறமாகத் திருப்பி, சற்று ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணினால் குறைந்த சூட்டிலேயே மடிப்புப் போய்விடும்.

வட்டம் உங்களுக்கல்ல, டிரை கிளீன் செய்பவருக்கு. உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து எந்தத் திரவம் அல்லது முறை என்று அவருக்குச் சொல்கிறது. எங்கள் சட்டையில் போல் அதன் மேல் புள்ளடி இருந்தால் டிரை கிளீனுக்குக் கொடுக்க வேண்டாம். லேபல் கழுத்தை உறுத்துகிறது என்று வெட்டுவதானால், வெட்டுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.