தீபாவளி மாத ஏற்றத்தை வளர்ச்சி என்று எண்ணாமல் கணக்கிடுவது எப்படி

எங்கள் சமையல் பக்கத்தின் ஈடுபாடு, அதாவது விருப்பங்கள், கருத்துகள், பகிர்வுகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை, 2024 அக்டோபரில் மிகவும் உயர்ந்தது. செப்டம்பரோடு ஒப்பிடுவது தவறு என்று அறிந்திருந்ததால், முந்தைய ஆண்டு அக்டோபரோடு ஒப்பிட்டேன். அதுவும் தவறு என்பது நவம்பர் எண்கள் சரிந்த பிறகே புரிந்தது.

ஜனவரி நடுவில் நிலையாக வரும் பொங்கலுக்கு அந்த ஒப்பீடு பொருந்தும். தீபாவளியோ 2023இல் நவம்பர் 12 அன்றும், 2024இல் அக்டோபர் 31 அன்றும் வந்தது. பலகாரக் குறிப்புகளை மக்கள் தேடுகின்ற, தீபாவளிக்கு 14 நாள் முன்பிருந்து 6 நாள் பின்பு வரையிலான 21 நாள்களில், 2023 அக்டோபருக்குள் விழுந்தவை 3 நாள்கள். 2024 அக்டோபருக்குள் விழுந்தவை 15 நாள்கள்.

ஆகவே தேதியை விட்டுவிட்டு, தீபாவளியிலிருந்து எத்தனையாவது நாள் என்பதைக் கொண்டு ஒப்பிட வேண்டும். இதற்குத் தளம் தரும் அறிக்கைப் பக்கத்தைவிட விரிதாளையே நான் விரும்புகிறேன். ஒப்பிடும் நாள்களை நாமே வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு தாள் வைத்து, A நிரலில் தேதியையும் B நிரலில் அன்றைய ஈடுபாட்டையும் இட்டு, C2 கட்டத்தில் இதை எழுதிக் கீழ்வரை நிரப்புங்கள்.

```
=A2-DATE(2024,10,31)
```

2023 தாளில் `DATE(2023,11,12)` என்று மாற்றுங்கள். பிறகு இந்த மூன்று நிரல்களுக்கு வெளியே உள்ள வெற்றுக் கட்டங்களில் சாதாரண நாள்களின் சராசரியையும் பண்டிகை நாள்களின் சராசரியையும் எடுங்கள்.

```
=AVERAGEIFS(B:B,C:C,">=-49",C:C,"<=-29")
=AVERAGEIFS(B:B,C:C,">=-14",C:C,"<=6")
```

சாதாரண நாள்களைத் தேர்வதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதலில் ஆகஸ்டு, செப்டம்பர் முழுவதையும் எடுத்தபோது விநாயகர் சதுர்த்தியும் உள்ளே வந்துவிட்டது. அந்தச் சதுர்த்தி தீபாவளிக்கு ஏறக்குறைய 55 நாள் முன்பும், நவராத்திரித் தொடக்கம் ஏறக்குறைய 28 நாள் முன்பும் வருகின்றன. மூன்றும் சந்திரனின் திதிகளையொட்டி ஒன்றாகவே நகர்வதால், சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் இடையிலுள்ள, -49 முதல் -29 வரையிலான இந்த மூன்று வாரங்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் பொருந்தின. இரண்டு பகுதிகளும் முழு வாரங்களாக இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளின் எண்ணிக்கையும் சமமாகிறது.

விளக்கத்துக்காக எளிய எண்களைக் கொள்வோம். சாதாரண நாள் சராசரி 2023இல் 400, 2024இல் 420. பண்டிகைச் சராசரி 1000, 1050. நவராத்திரி ஏற்றத்தை விட்டுவிட்டுக் கூட்டினால், அக்டோபர் மொத்தம் 14,200இலிருந்து 22,470 ஆகி 58 சதவீத வளர்ச்சி போலவும், நவம்பர் மொத்தம் 22,800இலிருந்து 16,380 ஆகி 28 சதவீத வீழ்ச்சி போலவும் தோன்றும். உண்மையான உயர்வு இரண்டு சராசரிகளிலும் 5 சதவீதம்தான். பண்டிகைச் சராசரி மட்டும் உயர்ந்து சாதாரணச் சராசரி அப்படியே நின்றால், அதைப் பக்கத்தின் பொதுவான வளர்ச்சியாகக் கொள்ளாதீர்கள். பதிவுகளின் எண்ணிக்கை மாறியிருந்தால், ஒரு பதிவுக்கான ஈடுபாட்டையும் தனியே பாருங்கள்.

பிற்சேர்க்கை: C நிரலில் `#VALUE!` வருவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பதிவிறக்கிய கோப்பில் தேதி வெறும் எழுத்தாகப் பதிந்திருந்ததே காரணம். `=ISNUMBER(A2)` என்பது `FALSE` காட்டினால், A நிரலைத் தேதியாக மாற்றிய பிறகே தொடருங்கள். மாற்றும்போது நாளும் மாதமும் இடம் மாறவில்லை என்பதை, 12ஆம் தேதி வரையிலான வரிசைகளில் ஒருமுறை சரிபாருங்கள்.