ஸ்கிரீன்ஷாட் அட்டவணையில் ஒரு எண்ணை மட்டும் மாற்ற

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டத்துக்கு ஸ்லைடு தயார் செய்தபோது, அட்டவணைப் படத்தில் 472 கிலோ தேன் என்பது 412 என்று இருந்தது. மூல எக்செல் கோப்பு கையில் இல்லை. வெள்ளைப் பெட்டி வைத்து மறைத்தால் கட்டத்தின் கோடு அறுபடும், மேலே தட்டச்சு செய்யும் எண்ணும் தனியாகத் துருத்தித் தெரியும்.

அதனால் 7-ஐ அதே படத்திலிருந்தே எடுத்தேன். பவர்பாயிண்டில் படத்தைத் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்தினால் நகல் வரும். நகலை `Crop` செய்து, வேறொரு கட்டத்தில் உள்ள 7-ஐயும் அதைச் சுற்றியுள்ள சிறிது பின்னணியையும் மட்டும் விடுங்கள். கோட்டைத் தொடக்கூடாது. மூலையைப் பிடித்து இழுத்து அளவையும் மாற்றக்கூடாது, எழுத்து மங்கிவிடும். வரிகள் மாறி மாறி நிறம் பூசியிருந்தால் அதே நிற வரியிலிருந்துதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும்.

அப்புறம் 400% பெரிதாக்கி, அந்தத் துண்டை 1-இன் மேல் வைத்து, `Ctrl` அழுத்தியபடி அம்புக்குறியால் நகர்த்துங்கள். பக்கத்து இலக்கங்களின் அடிப்பகுதியோடு 7-இன் அடி ஒரே நேரில் நின்றால் சரி. இரண்டையும் தேர்ந்தெடுத்து `Ctrl+G` கொடுத்துவிடுங்கள்.

கீழே மொத்தம் இருந்தால் அதிலும் 60 கூட்ட வேண்டும். நான் முதலில் அதை விட்டுவிட்டேன்.