சிறுவர்களை மலைக்கு அழைத்துப் போகிறீர்களா? ஒப்புதல் படிவத்தை ஃபோனிலேயே வாங்குவது இப்படி

2026 ஜனவரி 24-ஆம் தேதி கொல்லிமலைக்கு இரண்டு நாள் முகாம். 26 பேர். அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. இந்தக் குழுவுக்கு கூகுள் ஃபார்ம்ஸில் எப்படி ஒப்புதல் வாங்கினேன் என்பதை அப்படியே சொல்கிறேன். உங்கள் இடம் வேறாக இருந்தால் ஆபத்துகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கயிறு நைந்திருந்தது, வழிகாட்டி இல்லை, மழை எச்சரிக்கையைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அதோடு, 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. அதனால் பையனே போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை. படிவத்தின் உண்மையான வேலை வேறு: ஆபத்து என்னவென்று பெற்றோருக்குத் தெரியும், தெரிந்தே அனுப்பினார்கள் என்பதைக் காட்டுவது. வனத்துறை அனுமதிக்கும் இது மாற்று ஆகாது.

படி 1: ஆபத்துகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"மலையேற்றத்தில் உள்ளார்ந்த அபாயங்கள்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நான் எழுதியது இப்படி: "ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். படிகள் ஈரமாக இருந்தால் வழுக்கும். அட்டைப்பூச்சி கடிக்கலாம். தேனீ கொட்டலாம். பெரிய மருத்துவமனைக்கு மலையிலிருந்து கீழே இறங்கித்தான் போக வேண்டும்."

அருவியில் குளிப்பதற்குத் தனிக் கேள்வி வையுங்கள். முகாமுக்குச் சரி என்ற பெற்றோர் தண்ணீருக்கு வேண்டாம் எனலாம். அவசர சிகிச்சைக்கும், புகைப்படத்தை இணையத்தில் போடுவதற்கும் அப்படியே தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே டிக்கில் அடைத்தால் எதற்குச் சம்மதித்தார்கள் என்று பிறகு சொல்ல முடியாது.

படி 2: இரண்டு படிவங்கள்

முதல் படிவம் எல்லோருக்கும். பெயர், பிறந்த தேதி, "முகாம் தொடங்கும் நாளில் 18 வயது நிறைந்திருக்குமா?" பிறந்த தேதியை வைத்து கூகுள் ஃபார்ம்ஸ் தானாகப் பிரிக்காது. ஆம்/இல்லை கேள்வியாக வைத்து, அதன் மூன்று புள்ளி மெனுவில் `Go to section based on answer` என்பதைத் தேர்ந்தெடுங்கள். "ஆம்" என்றால் ஆபத்து விவரம், உடல்நலக் கேள்வி, ஒப்புதல். "இல்லை" என்றால் அப்பா அல்லது அம்மாவின் பெயரும் ஃபோன் எண்ணும் மட்டும். அதோடு படிவம் முடிந்துவிட வேண்டும்.

பதில்கள் சேரும் ஷீட்டில், பிறந்த தேதி C பத்தியில் இருந்தால், பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=DATEDIF(C2, DATE(2026,1,24), "Y")
```

எங்கள் குழுவில் "இல்லை" என்று சொன்னவர்கள் 9 பேர். 18-க்குக் கீழ் என்று ஃபார்முலா காட்டியது 10 பேர். 2008 பிப்ரவரி 2 அன்று பிறந்த பெண் ஒருவர் "ஆம்" போட்டிருந்தார். இன்னும் ஒன்பது நாள் பாக்கி! அவருக்கும் பெற்றோர் படிவம்தான்.

படி 3: பெற்றோர் படிவம், பெற்றோரின் கைக்கு

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். லிங்க்கைப் பிள்ளையிடம் கொடுத்து "அப்பாகிட்ட வாங்கிட்டு வா" என்றால், அப்பாவுக்குத் தெரியாமலே ஒப்புதல் வந்து சேரும். இரண்டாவது படிவத்தின் லிங்க்கை நீங்களே பெற்றோரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் K01, K02 என்று ஒரு குறியீடு கொடுங்கள். படிவ மெனுவில் `Pre-fill form` போய், குறியீட்டுக் கேள்வியை நிரப்பி லிங்க் எடுத்தால் இப்படி வரும்:

```
https://docs.google.com/forms/d/e/FORM_ID/viewform?entry.1234567890=K07
```

கடைசி எண்ணை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பலாம். யார் இன்னும் போடவில்லை என்பது குறியீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூகுள் ஃபார்ம்ஸில் கையெழுத்துக் கட்டம் கிடையாது. கையெழுத்தைப் படமெடுத்து ஏற்றச் சொன்னால் பெற்றோர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும், பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். ஜோஹோ ஃபார்ம்ஸில் விரலால் கையெழுத்துப் போடும் கட்டம் உண்டு. ஆனால் விரல் கிறுக்கலை மட்டும் வைத்து, போட்டது யார் என்று சொல்ல முடியாது. நான் முழுப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லி, பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டு, பிறகு ஃபோனில் பேசி உறுதி செய்கிறேன். இதைவிட உறுதி வேண்டுமென்றால் ஆதார் ஓடிபி வழியான மின்கையெழுத்து இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அதை ஏற்கிறது. பத்துப் பிள்ளைகள் வரும் முகாமுக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

உறவு என்ற இடத்தில் "அண்ணன்", "டியூஷன் சார்", "மாமா" என்றெல்லாம் வரும். ஏற்காதீர்கள். அப்பா அல்லது அம்மா, இல்லையென்றால் நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர். பெற்றோர் வெளிநாட்டில் இருந்து, பிள்ளை பாட்டி வீட்டில் வளர்ந்தாலும் லிங்க் வெளிநாட்டு எண்ணுக்கே போகட்டும். டிஜிட்டல் படிவத்தின் வசதியே அதுதானே.

படி 4: ஃபோன் போட்டுப் பேசுங்கள்

எங்களிடம் K04, K05 இரண்டும் இரவு 11:40-க்கு இரண்டு நிமிட இடைவெளியில் வந்தன. இருவரும் நண்பர்கள். K05-இன் "அப்பா" எண்ணுக்குக் கூப்பிட்டால், "ஆமா, நான்தான் அப்பா பேசறேன்" என்றது மீசை முளைக்காத ஒரு குரல். பையன் தன் இன்னொரு சிம் எண்ணையே கொடுத்திருக்கிறான். திட்டவில்லை, சிரித்துவிட்டேன். அப்புறம் நிஜ அப்பாவின் எண்ணை வாங்கி மறுபடி முதலிலிருந்து. அவர் குளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பையனுக்கு நீச்சல் தெரியாதாம்.

பேசும்போது "சம்மதமா?" என்று கேட்காதீர்கள், யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "என்ன மருந்துக்கு அலர்ஜி? எத்தனை மணிக்குப் பஸ் ஏற்றிவிடுவீர்கள்?" என்று கேட்டால் படிவத்தைப் படித்தவரா என்பது தெரிந்துவிடும். பேசிய தேதி, நேரம் இரண்டையும் ஷீட்டில் குறித்து வையுங்கள். ஒரு அம்மாவிடம் பட்டன் ஃபோன்தான். அவருக்குப் படிவத்தை ஃபோனில் வாசித்துக் காட்டி, பஸ் ஏற்றிவிட வந்தபோது காகிதத்தில் கையெழுத்து வாங்கினேன்.

படி 5: பூட்டி வையுங்கள்

ஷீட்டில் பதில்கள்தான் இருக்கும், பெற்றோர் படித்த வாசகம் இருக்காது. பிறகு நீங்கள் படிவத்தில் ஒரு வரியைத் திருத்தினால், அவர் எதற்குச் சம்மதித்தார் என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும். அதனால் லிங்க் அனுப்பும் முன்பே படிவத்தைப் பிடிஎஃப் ஆக்கி, தேதியோடு சேமியுங்கள். நடுவில் திருத்த நேர்ந்தால் புதிய பிடிஎஃப், எல்லோருக்கும் மறுபடி லிங்க். அமைப்புகளில் மின்னஞ்சல் கேட்கும்படி வைத்து, பதிலின் நகல் அவர்களுக்கும் போகும்படி செய்யுங்கள். பதிலைத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு போன்ற விவரங்கள் உள்ள ஷீட்டைத் தன்னார்வலர் குழுவில் பகிராதீர்கள். மலைக்கு ஒரே ஒரு அச்சுப் பக்கம் போதும்: பெயர், அலர்ஜி, குளிக்க அனுமதி உண்டா, பெற்றோர் எண். மேலே சிக்னல் கிடைக்காத இடங்களில் ஷீட் திறக்காது. எங்களுடையது முதலுதவிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஷீட்டில் உடல்நலப் பத்திகளையும் அழித்தேன். ஒப்புதலையும் பிடிஎஃப்பையும் மட்டும் அழிக்கவில்லை. காரணம், சிறுவர் வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு அவர் 18-ஐத் தாண்டிய பிறகுதான் ஓடத் தொடங்கும். எங்கள் குழுவின் கடைக்குட்டிக்கு 13 வயது.