கட்டாத வில்லாவைக் கட்டிய வீடாகக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனை விற்பனைக்கான ப்ரோஷரில், கல் மட்டும் நட்டிருக்கும் காலி மனையின் புகைப்படத்தின் மீது முப்பரிமாண வீட்டைப் பொருத்திக் காட்டும் வேலைக்குப் புதிதாக வருபவர்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வது தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலிப்பு இல்லை, புல்தரை பிளாஸ்டிக் போலத் தெரிகிறது என்பன போன்றவற்றை முதல் பார்வையிலேயே யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். வீட்டைச் சுற்றி இருப்பவற்றில் நேரும் பிழைகள்தான் அச்சகம் வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை.

பின்னணி மலையைக் கண்ணளவில் வைத்தல்

கோவைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி போடப்படும் லேஅவுட்டுகளில் புரமோட்டர்கள் முதலில் கேட்பது மலையைத்தான். கிழக்குப் பார்த்த மனையென்றால் சாலையில் நின்று வீட்டின் முகப்பைப் பார்க்கும் கேமராவும் மேற்கு நோக்கியே இருக்கும் என்பதால், வீட்டுக்குப் பின்னால் மலை வருவது இயல்பானதுதான். ஆனால் அந்த மலை எவ்வளவு உயரத்துக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

என்னுடன் வேலை செய்த இளைஞர் ஒருவர் அப்படியொரு மனைக்குப் படம் செய்தார். வீட்டின் கேமராவை 24 மில்லிமீட்டர் லென்ஸ் அளவில் வைத்திருந்தார். மலையை மட்டும் வேறொரு நாளில், வேறொரு இடத்திலிருந்து, ஏறத்தாழ 8 மடங்கு பெரிதாக்கி எடுத்துவந்து பின்னால் ஒட்டினார். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே நீல மலை எழுந்து நின்றது. படம் அழகாக இருந்தது, புரமோட்டரும் ஒப்புக்கொண்டார், அட்டைப்படமாகவே அச்சாகிவிட்டது. முன்பணம் கொடுத்த பெரியவர் ஒருவர் ப்ரோஷரோடு மனைக்கு வந்து, சாலையில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, படத்துல இருக்கற மலை இங்க காணோமுங்களே?" என்று விற்பனைப் பிரிவு இளைஞரிடம் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. அச்சடித்த பிரதிகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. பணமும் திருப்பித் தரப்பட்டது. இத்தனைக்கும் காரணம் இரண்டு நிமிடக் கணக்கைப் போடாமல் விட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை.

அந்தக் கணக்கு இதுதான். மனை 40-க்கு 60 அடி, எதிரே 30 அடிச் சாலை, முன்புறம் 10 அடி காலியிடம். சாலையின் எதிர் ஓரத்தில் நின்றால் வீட்டின் முகப்பு கேமராவிலிருந்து 40 அடி தொலைவில் இருக்கும். பேஸ்மட்டம் 2 அடி, இரண்டு தளங்களும் தலா பத்தரை அடி, கைப்பிடிச் சுவர் 3 அடி என்று கூட்டினால் சாலை மட்டத்திலிருந்து வீட்டின் உச்சி 26 அடி. கேமராவின் உயரம் 5 அடி. மலை, தரையிலிருந்து 1,000 மீட்டர் உயர்ந்து, 10 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
முகப்பில் மலை தொடும் உயரம்
= கேமரா உயரம் + (மலை உயரம் ÷ மலைத் தொலைவு) × முகப்பின் தொலைவு
= 5 + (1000 ÷ 10000) × 40
= 9 அடி
```

ஒன்பது அடி என்றால், 2 அடி பேஸ்மட்டத்துக்கு மேல் நிற்கும் 7 அடி வாசற்கதவின் லிண்டல் மட்டம். சாலையில் நிற்பவருக்கு அந்த மலையின் சிகரம் தரைத்தளக் கதவின் தலைமட்டத்துக்கு மேல் எழும்பாது. வீடு அதை முழுவதுமாக மறைத்துவிடும், இருபுறமும் விட்ட 5 அடி இடைவெளிகளில் மட்டும் மங்கலான ஒரு கீற்றாகத் தெரியக்கூடும். எட்டு மடங்கு பெரிதாக்கிய மலையோ அதே கணக்கில் 37 அடிக்குப் போய்விடுகிறது. கைப்பிடிச் சுவருக்கு மேலே 11 அடி இல்லாத மலையை வாங்குபவருக்குக் காட்டியிருக்கிறோம். உண்மையில் மலை 26 அடிக்கு மேல் தெரிய வேண்டுமென்றால் வீட்டிலிருந்து 210 அடிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். எதிர் மனைகளிலும் வீடு வந்துவிட்டால் அங்கே நிற்பதற்கு இடமே இருக்காது.

கணக்குப் போடாமலே இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மலையும் மனையும் ஒரே புகைப்படத்துக்குள் இருக்க வேண்டும். மனையைப் படம் எடுக்கும்போதே பின்னணியும் அதே லென்ஸில், அதே இடத்திலிருந்து வந்துவிடும். அதைப் பெரிதாக்கவும் கூடாது, வேறொன்றால் மாற்றவும் கூடாது. வீட்டைச் சரியான அளவில் அதன்மேல் பொருத்துவதற்கு, நான்கு மூலைக்கற்களின் அருகிலும் 6 அடிக் கழிகளை நட்டு, 5 அடி உயரத்தில் சிவப்பு நாடா சுற்றிவிடுகிறோம். கேமராவும் அதே 5 அடியில் மட்டமாக இருந்து, தரையும் சமமாக இருந்தால், எவ்வளவு தள்ளியிருந்தாலும் எல்லா நாடாக்களும் படத்தில் ஒரே கிடைக்கோட்டில் விழும். அதுதான் கண்மட்டக் கோடு. காலி மனையில் இணைகோடுகள் எதுவும் இராது என்பதால் புகைப்படத்தின் இணைகோடுகளை வைத்துக் கேமராவின் நிலையைக் கணக்கிடும் `fSpy` போன்ற மென்பொருளுக்குப் பிடிமானம் கிடைக்காது. கற்களுக்கு இடையே சுண்ணாம்புத் தூளால் மனையின் எல்லைக்கோட்டைப் போட்டுவிட்டு, நேர் எதிரே நிற்காமல் சற்றுக் கோணமாக நின்று எடுத்தால் அந்தக் குறை தீரும். எடுத்த படத்தை வெட்டிச் சிறிதாக்கிய பிறகு பொருத்தத் தொடங்காதீர்கள். வெட்டினால் படத்தின் மையம் நகர்ந்து கணக்கு கெட்டுவிடும்.

பொருத்திய பிறகு வாசற்கதவைப் பாருங்கள். பேஸ்மட்டம் 2 அடி என்பதால் கண்மட்டக் கோடு கதவை அதன் அடியிலிருந்து 3 அடியில், ஏறத்தாழக் கைப்பிடி இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். அது கதவின் உச்சியை வெட்டினால் வீடு மண்ணுக்குள் புதைந்திருக்கிறது என்று பொருள். கதவின் அடியை வெட்டினால் வீடு மிதக்கிறது அல்லது கேமராவைத் தவறான உயரத்தில் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொரு சிக்கலும் இதே இடத்தில்தான் வரும். 24 மில்லிமீட்டர் லென்ஸை 40 அடியில் கிடையாக, மட்டமாகப் பிடித்தால் படத்தின் மேல்விளிம்பு 25 அடியோடு முடிந்துவிடும்; நம் வீடு 26 அடி. உடனே கேமராவை அண்ணாந்து பிடிப்பார்கள், சுவர்கள் மேலே குவியத் தொடங்கும். எதிர் மனை காலியாக இருந்தால் இன்னும் 20 அடி பின்னால் போங்கள், அல்லது கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுங்கள்.

சரி, புரமோட்டர் கேட்ட மலையை என்னதான் செய்வது? அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. மொட்டைமாடியில் நிற்பவரின் கண்மட்டம் 28 அடி. பின்மனையிலும் இதே உயரத்தில் வீடு வந்தால் அதன் கைப்பிடிச் சுவர் 26 அடியில் நிற்கும். ஆகவே மாடிப்படிக்கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்கும் பகுதி போக, மொட்டைமாடியிலிருந்து மலை தெரியும். மனையில் உயரமான ஏணி வைத்தோ, அனுமதி பெற்று ட்ரோன் பறக்கவிட்டோ, அதே 28 அடியிலிருந்து மேற்கே ஒரு படம் எடுத்து, அதன்மேல் மொட்டைமாடியைப் பொருத்திக் காட்டலாம். முதல்தளப் பால்கனியில் அப்படிக் காட்டாதீர்கள். அங்கே கண்மட்டம் பதினேழரை அடிதான். பின்மனையில் வீடு எழும்பும் நாளில் அந்தக் காட்சி போய்விடும்.

"இது ஓவியரின் கற்பனை" என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்திலோ ப்ரோஷரிலோ உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புக்கு உள்ளானவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும், அவர் விலக விரும்பினால் கொடுத்த முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மலையைக் காட்டி விலையைக் கூட்டும் இடத்தில் மலையும் ஒரு தகவல்தான்.

வெயில் வர முடியாத திசையிலிருந்து வெயில்

மலைக்குப் பின்னால் சூரியன் மறைகிறது, வானம் பொன்னிறமாக இருக்கிறது, ஆனால் கிழக்குப் பார்த்த முகப்பில் வெயில் பளீரென்று அடிக்கிறது. இப்படி ஒரு மாலை எந்த ஊரிலும் கிடையாது. கிழக்கு முகப்புக்கு வெயில் வேண்டுமென்றால் காலை 7:30-க்கும் 9 மணிக்கும் இடையில் மனையைப் படம் எடுங்கள். அப்போது மலையின் மீதும் அதே ஒளி நேராக விழும். மாலைதான் வேண்டுமென்றால் முகப்பை நிழலில் விட்டு, வீட்டுக்குள் விளக்கேற்றிக் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் நண்பகல் சூரியனை எப்போதும் தெற்கில் வைக்கிறார்கள். கோவை 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் இங்கே உச்சிக்கு வடக்கே இருக்கும். மே மாதம் எடுத்த புகைப்படத்தில் கழியின் நிழல் நண்பகலில் தெற்கே விழுந்திருக்க, வீட்டின் நிழல் மட்டும் வடக்கே விழுந்தால் படம் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். படம் எடுத்த தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டு, Blender-இன் Sun Position-இல் இடத்தையும் நேரத்தையும் கொடுங்கள். மனை சரியாகக் கிழக்குப் பார்த்திராவிட்டால் `North Offset`-ஐயும் திருத்த வேண்டும். முடித்ததும், கழியின் உண்மையான நிழலும் மாதிரியில் வைத்த கழியின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள்.

முதிர்ந்த மரங்கள்

பைன் மரத்தையும் பிர்ச் மரத்தையும் நூலகத்திலிருந்து இழுத்துவந்து வைப்பது பழைய பிழை. அதை இப்போது பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். வேம்பும் புங்கமும் வைத்துவிட்டு, அவற்றை 30 அடி உயரத்துக்கு வளர்த்துவிடுவதுதான் இப்போதைய பிழை. சாவி கையில் கிடைக்கும் நாளில் சாலையோரத்தில் நிற்கப்போவது ஆளுயரத்தைச் சற்றே தாண்டிய கன்றுகள், அவற்றைச் சுற்றிக் கம்பிக்கூண்டுகள். அவற்றை அப்படியே வையுங்கள். நிழல் தரும் பசுமை வேண்டுமென்றால், லேஅவுட்டின் எல்லைக்கு அப்பால் ஏற்கனவே நிற்கும் தென்னந்தோப்பும் பாக்குத்தோட்டமும் புகைப்படத்திலேயே இருக்கின்றன.

பக்கத்து மனைகளில் கற்பனை வீடுகள்

விற்காத மனையில் வீடு வைக்காதீர்கள்.

உயர் மின்னழுத்தக் கம்பிகளை அழித்தல்

மின்கம்பத்தின் கோணலை நிமிர்த்தலாம்; கோபுரத்தை அழிக்கக் கூடாது.

பதிவு எண்ணுக்கு இடம் விடாமல் படத்தை அமைத்தல்

விளம்பரத்திலும் ப்ரோஷரிலும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் திட்டத்தின் பதிவு எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வானத்தை அதற்கு ஒதுக்கி வைத்தால், வடிவமைப்பாளர் பிறகு வந்து சாலையையோ காம்பவுண்டு சுவரையோ வெட்ட வேண்டியிராது. அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு வண்ணப் பிரதி எடுத்து, மனைக்குப் போய், கேமரா நின்ற அதே இடத்தில் நின்று படத்தைக் கையில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். புரமோட்டரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.