மியூசிக் தியரி பயிற்சிக்கு ஆப் வாங்க வேண்டுமா?

கிரேடு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்காக ஆப் வாங்கும் முன் musictheory.net தளத்தைப் பாருங்கள். நோட் படிப்பது, இரண்டு நோட்டுக்கு இடையிலான தூரமான இன்டர்வல், கார்டு எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி இலவசம். ட்ரெபிள் கிளெஃப் மட்டும் போதும் என்று சுருக்கிக்கொள்ளலாம். அதே தளத்தாரின் Tenuto ஆப் ஐபோன், ஐபேடுக்கானது. காசு கொடுத்து வாங்க வேண்டும், இணையம் இல்லாமலும் ஓடும். பஸ்ஸில் பயிற்சி செய்பவருக்கு அது பயன்படும். வீட்டில் உட்கார்ந்து செய்தால் இலவசமே போதும் என்பேன்.

ஆனால் இரண்டிலும் ஒரு குறை: கையால் எழுதும் பழக்கம் வராது. ஒரு உதாரணம். சி-யிலிருந்து ஈ ஃபிளாட் வரை மைனர் தேர்டு. சி-யிலிருந்து டி ஷார்ப் வரை ஆக்மென்டட் செகண்ட். கீபோர்டில் இரண்டுக்கும் ஒரே கறுப்புக் கட்டைதான், அதனால் காதுப் பயிற்சியில் வித்தியாசமே தெரியாது. எழுத்துத் தேர்வில் 'மைனர் தேர்டு எழுது' என்று கேட்டு டி ஷார்ப் போட்டால் தப்பு. பட்டனை அழுத்தியே பழகிய பிள்ளை இங்கேதான் மாட்டும். ஆப்பில் பத்துக் கேள்வி முடித்ததும், ஐந்து இன்டர்வலை மியூசிக் நோட்டில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். முதலில் எழுத்தை எண்ண வேண்டும்: சி, டி, ஈ, மூன்று, அதனால் தேர்டு. ஷார்ப்பும் ஃபிளாட்டும் அதற்கப்புறம்.