சரியாகத்தான் அடித்தேன், ஆனாலும் கேப்சா தப்பாம்

மண்டபத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஓய்வு கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலுக்குப் போகாதவர்கள் தள்ளிப்போட்ட விண்ணப்பங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படித்தான் ஒரு நாள் வேதாளையிலிருந்து ஓர் அக்கா போனை மேசையில் வைத்தார்.

"தம்பி, ஏழு தடவை அடிச்சிட்டேன். எழுத்து அதேதான், தப்புன்னே சொல்லுது. எனக்குக் கண்ணு நல்லாத்தானப்பா தெரியுது."

திரையில் படம் 7kPm4. அவர் அடித்ததும் 7kPm4. கீழே சிவப்பில் Invalid Captcha. அக்காவின் கண்ணில் கோளாறு இல்லை. படத்தில் இருக்கும் எழுத்தோடுதான் நாம் அடிப்பதை ஒப்பிடுகிறார்கள் என்று நினைப்பதில்தான் கோளாறு.

நடப்பது வேறு. பக்கம் திறக்கும்போது தளத்தின் சர்வர் சில எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, அதைப் படமாக வரைந்து நமக்கு அனுப்புகிறது. விடையைத் தன்னிடமே, நம் பெயரில் ஒரு கணக்குப்போல வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்குக்கு செஷன் என்று பெயர். நம் பிரவுசரில் ஒரு குக்கீ அதன் சீட்டாக இருக்கும். பெரும்பாலான தளங்களில் ஒரு செஷனுக்கு ஒரு விடைதான். புது விடை வந்தால் பழையது அழிந்துவிடும். கரையில் மீன் ஏலம் விடும்போது கடைசியாகக் கேட்ட விலைதானே நிற்கும், அதே கதை. நம் கண் முன்னால் எந்தப் படம் இருக்கிறது என்பது சர்வருக்குத் தெரியாது. கடைசியாகத் தான் எந்தப் படத்தை அனுப்பியது என்பது மட்டும்தான் தெரியும்.

அக்காவின் போனில் டேப்களைத் திறந்து பார்த்தேன். அதே பக்கம் இரண்டு இடத்தில் திறந்திருந்தது. முதல் டேப்பில் பாதி நிரப்பியபோது மகன் ஏதோ கேட்டிருக்கிறான்; திரும்பி வந்து, வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கையே மறுபடி தட்டியிருக்கிறார். இரண்டாவது டேப்பில் wR3xh என்று ஒரு படம் வந்தது. அந்த நொடியில் சர்வரின் கணக்கில் 7kPm4 அழிந்து wR3xh உட்கார்ந்துவிட்டது. பிறகு அவர் பாதி நிரப்பிய முதல் டேப்புக்கே போய், அங்கே இருந்த 7kPm4-ஐ அச்சு மாறாமல் அடித்தார். எப்படி ஏற்கும்? அந்தத் தளம் தவறு என்று சொன்ன பிறகும் படத்தை மாற்றவில்லை, அதனால் அவரும் அதையே ஏழு முறை அடித்திருக்கிறார். இரண்டாவது டேப்பை மூடி, முதல் டேப்பில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வட்ட அம்புக்குறியை ஒரே ஒரு தடவை தட்டினேன். புதுப் படம் வந்தது, அடித்தோம், போனது.

ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் நான் பார்ப்பதிலேயே பெரிய தவறு. பல தளங்களில் ஒரு விடை ஒரு முறைதான் செல்லும். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டால்கூட அந்தக் கேப்சா செலவாகிவிடும். பேக் பொத்தானை அழுத்தித் திரும்பினாலும் இதே நிலைதான். பிரவுசர் தான் சேமித்து வைத்த பழைய படத்தைக் காட்டும், சர்வரில் அது இருக்காது. ஒரு முறை மறுத்தால் படத்தை மாற்றாமல் அடுத்த முறை அடிக்கவே கூடாது. சில தளங்கள் ஐந்தாறு தோல்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் பூட்டியும் வைத்துவிடும்.

படத்தை மாற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் கரையோரத்தில் சிக்னல் நிலையாக இருக்காது. அம்புக்குறியைத் தட்டினால் படம் உடனே வராது. பொறுமையில்லாமல் மறுபடி, மறுபடி தட்டுவோம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோரிக்கை போகிறது, ஒவ்வொன்றும் ஒரு புது விடையை எழுதுகிறது. முதல் கோரிக்கைக்கான படம் திரையில் விழுந்திருக்கும்போது, மூன்றாவதின் விடை சர்வரில் இருக்கும். பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் ஒரு முறை தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். பத்து எண்ணியும் வராவிட்டால் பக்கத்தையே புதிதாகத் திறப்பது மேல்.

அடுத்தது நேரம். விண்ணப்பத்தைத் திறந்ததும் கண்ணில் படுகிறதே என்று கேப்சாவை முதலில் அடித்துவிடுவார்கள். அப்புறம்தான் ஸ்மார்ட் கார்டு எண் வேண்டும் என்று தெரியும். வீட்டுக்கு ஆள் போய் வருவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். செஷனுக்கு ஆயுள் உண்டு, அது தளத்துக்குத் தளம் மாறும். 'நான் ரோபோ இல்லை' என்று டிக் செய்யும் கூகுள் கட்டத்துக்கோ கணக்கு இன்னும் கறார்: அந்த டிக் 2 நிமிடம்தான் செல்லும், அதுவும் ஒரே தடவை. மற்ற எல்லாவற்றையும் நிரப்பி, ஒரு முறை சரிபார்த்து, படத்தைப் புதுப்பித்து, கடைசியாகக் கேப்சாவை அடித்து, உடனே சமர்ப்பிக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் கீபோர்டைச் சந்தேகிக்கலாம். போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும். p என்று நினைத்து அடித்தது P ஆகியிருக்கும். மேலே வரும் பரிந்துரையைத் தட்டினால் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் சேர்ந்துவிடும். இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சர்வருக்கு அதுவும் ஓர் எழுத்து. கர்சரைக் கட்டத்தின் கடைசியில் வைத்து ஒரு முறை அழித்துப் பாருங்கள். கடைசி எழுத்து போகாமல் கர்சர் மட்டும் நகர்ந்தால் அங்கே இடைவெளி இருந்தது என்று அர்த்தம். பூஜ்யமா O-வா, ஒன்றா l-ஆ என்று புரியாத படத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

புதுப் படம், ஒரே டேப், சுத்தமான எழுத்து, ஆனாலும் முதல் முயற்சியிலேயே ஒவ்வொரு முறையும் மறுக்கிறதா? அப்போது குக்கீயைப் பார்க்க வேண்டும். பிரவுசரில் குக்கீயை அடைத்து வைத்திருந்தால் சீட்டே இல்லாமல் கவுண்டருக்குப் போன மாதிரி. படம் கேட்டவரும் விடை கொடுப்பவரும் ஒரே ஆள் என்று சர்வருக்குத் தெரியாது. இன்காக்னிட்டோ விண்டோவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஏற்றுக்கொண்டால், பழைய குக்கீயோ ஏதாவது எக்ஸ்டென்ஷனோதான் காரணம். குக்கீ என்றால் அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் அழித்தால் போதும். அழித்தால் அங்கே லாகின் போய்விடும், பாதி நிரப்பியதும் போகும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்காக்னிட்டோவிலும் போகவில்லை, பக்கத்தில் இருப்பவரின் போனிலும் போகவில்லை என்றால் கோளாறு தளத்தில் இருக்கிறது. கூட்டம் அதிகமான தளங்களில் பல சர்வர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். படத்தை ஒன்று கொடுத்து, விடை இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே நம் கணக்கே இருக்காது. அதை இந்தப் பக்கத்திலிருந்து யாராலும் சரிசெய்ய முடியாது. அப்படி ஒரு நாள், கடைசித் தேதிக்கு முந்தின மாலை, என் கடையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் காலை ஐந்தரைக்குக் கடையைத் திறந்தேன். ஏழு மணிக்குள் ஒன்பதும் முடிந்தது.